நானூற்றுப் பன்னிரண்டில் இருபத்தொன்பது

ஜாஹிதாவின் பட்டச் சான்றிதழ்கள் இரண்டு வருடம் நான்கு மாதமாக ஈஸ்வரமூர்த்தியின் இரும்பு பீரோவுக்குள் கிடந்தன. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.சி.ஏ. பட்டம் வரை அத்தனையும் ஒரே பழுப்புக் கவரில். அந்தக் காலத்தில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர வேண்டுமென்றால் இதுதான் வழக்கம். அசல் சான்றிதழைக் கொடு, மூன்று வருடம் இருப்பேன், நடுவில் போனால் பணம் கட்டுவேன் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போடு, அப்புறம் நாற்காலியில் உட்கார். இருபத்து மூன்று வயதில் வேலை கிடைத்த சந்தோஷத்தில் யார் பத்திரத்தைப் படிக்கிறார்கள்? ஜாஹிதாவும் படிக்கவில்லை. பீரோ சாவி முதலாளியின் அரைஞாண் கயிற்றில் தொங்குகிறது என்பது மட்டும் பிற்பாடு தெரிந்தது.

ராம்நகரில் கீழே நூல் கிடங்கு, மாடியில் மில்களுக்குக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி. ஈஸ்வரமூர்த்தி பரம்பரையாக நூல் வியாபாரி. ஊரெல்லாம் டாட் காம் என்று பேச ஆரம்பித்ததும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. 1999 மார்ச்சில் தினசரி நூல் விலை, பஞ்சு விலை போடும் இணையதளம் ஒன்றைத் திறந்தார். பெயர் கொடுத்துச் சேர்ந்துகொள்ளலாம், காசு கிடையாது. திருப்பூர் பனியன்காரர்கள், சோமனூர் தறிக்காரர்கள், அவிநாசி தரகர்கள் என்று பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து சேர்ந்தார்கள். மாடியில் பதின்மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஜன்னல் இருந்த இடத்தில் ஏ.சி.யை வைத்துப் பலகை அடித்துவிட்டதால் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது.

ஜாஹிதா கரும்புக்கடையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். அத்தா கரீம் தையல் மிஷின் பழுது பார்ப்பவர். 98 குண்டுவெடிப்புக்குப் பிந்தைய அந்த வருடங்களில் உக்கடம் செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்வார்கள். டிபன் பாக்ஸ், குடை, கம்ப்யூட்டர் புத்தகம், எல்லாவற்றையும் காட்டிவிட்டு ஆபீசுக்கு வந்து ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்தால், சாயங்காலம் மறுபடி அதே செக்போஸ்ட். அவளுக்கு ஆசிரியர் வேலைதான் பிடித்தம். கல்லூரியில் படிக்கும்போதே ஜூனியர்களுக்கு டேட்டாபேஸ் மொழியான எஸ்க்யூஎல் சொல்லிக் கொடுத்தவள். செப்டம்பரில் சென்னைக் கல்லூரி ஒன்றிலிருந்து விரிவுரையாளர் வேலைக்கான உத்தரவு வந்தது. அக்டோபர் பதினெட்டு, திங்கட்கிழமை, அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

97 ஜூன் இரண்டாம் தேதி அவளையும் சேர்த்து வேலைக்கு வந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் பத்திரத் தொகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். ஒருவன் முதலாளியின் மச்சானைப் பிடித்துப் போனான். ஒருத்தி கல்யாணத்தைச் சொல்லி அழுது போனாள். ஜாஹிதாவுக்குப் பணமும் இல்லை, மச்சானும் தெரியாது, வராத அழுகையை வரவழைக்கவும் தெரியாது. நேராகப் போய்க் கேட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். "ஏனம்மணி, இப்பிடித் திடீர்னு கேட்டா எப்பிடீங்க? பெங்களூர்ல இருந்து பணம் போடறவர் எட்டாந்தேதி வாராரு. அவரு கையெழுத்துப் போட்டுட்டார்னா அன்னைக்குச் சாயங்காலமே கவரை எடுத்துட்டுப் போ கண்ணு. நானே பஸ் ஏத்தி உடறேன்" என்றார். அந்த வெள்ளை வேட்டிக்காரர் வாக்குத் தவற மாட்டார். ஆக, எல்லாம் எட்டாம் தேதியில் வந்து நின்றது.

பெங்களூர்க்காரர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முன்கூட்டியே கேட்டிருந்தார். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதல்ல. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் திரும்பி வருகிறார்கள் என்பது. நல்ல வேளையாக அந்தக் கணக்கை ஜாஹிதா ஏப்ரலிலிருந்தே ஒவ்வொரு திங்கட்கிழமையும் எடுத்து வந்தாள். டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்க அவளே யோசித்து எழுதிய க்வெரி அது, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஒவ்வொருவரும் சேர்ந்த தேதியை எடுத்து அந்த வாரத்துத் திங்கட்கிழமைக்கு இழுத்துவிட வேண்டும். அவர் உள்ளே வந்த ஒவ்வொரு தேதியையும் அதேபோல அதனதன் திங்கட்கிழமைக்கு இழுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள நாள் வித்தியாசத்தை ஏழால் வகுத்தால், சேர்ந்து எத்தனையாவது வாரத்தில் வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். சேர்ந்த வாரம் பூஜ்யம். பிறகு சேர்ந்த வாரம், வந்த வாரம் இரண்டின்படியும் குரூப் செய்து ஆட்களை எண்ண வேண்டும். எண்ணும்போது டிஸ்டிங்க்ட் போடாவிட்டால் போச்சு. விலை பார்க்க ஒரே வாரத்தில் பத்துத் தடவை வரும் தரகர் பத்துப் பேராகிவிடுவார். கடைசியில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் அந்தந்த வாரத்தில் சேர்ந்தவர்களின் தொகையால் வகுத்தால் சதவீதம்.

மே மாதம் முதலாளி, "எண்ணிக்கையெல்லாம் எனக்கு வேண்டாம்மணி, பர்சென்ட் மட்டும் குடுத்தாப் போதும்" என்றார். அவள் சதவீதத்தை முன்பக்கம் வைத்து, எண்ணிக்கையைக் கடைசித் தாளுக்குத் தள்ளிவிட்டாள். கடைசித் தாளை ஒருவரும் புரட்டியதில்லை, அவள் உட்பட.

அக்டோபர் நாலாம் தேதி ரிப்போர்ட் ஜம்மென்று வந்தது. ஏப்ரல் ஐந்தாம் தேதி வாரத்தில் சேர்ந்தவர்களில், இருபத்தைந்தாவது வாரத்திலும் எண்பத்தைந்து சதவீதம் பேர் வந்திருந்தார்கள். ஏப்ரல், மே ஆட்கள் எல்லாம் எண்பதுக்கு மேல். ஆகஸ்ட், செப்டம்பரில் சேர்ந்தவர்கள்தான் முப்பதும் பதினைந்துமாக இளைத்துக் கிடந்தார்கள்.

"பாத்தியா, பழசெல்லாம் தங்கம். புதுசும் பழகப் பழகத் தங்கமாயிரும்" என்றார் முதலாளி. "இதுவரைக்கும் எடுத்த ரிப்போர்ட் அத்தனையும் ஒண்ணாக் கோத்து பைண்டு பண்ணி வெச்சிரு. அவருக்குக் குடுத்தறலாம்."

கோக்கும்போதுதான் வினை. புதன்கிழமை மத்தியானம், ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அச்சடித்த முதல் ரிப்போர்ட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்போது எண்ணிக்கை முன்பக்கத்திலேயே இருந்தது. ஏப்ரல் ஐந்தாம் தேதி வாரம், சேர்ந்தவர்கள்: 412. சும்மா ஒரு குறுகுறுப்பில் நாலாம் தேதி ரிப்போர்ட்டின் கடைசித் தாளைப் புரட்டிப் பார்த்தாள். அதே வாரம், சேர்ந்தவர்கள்: 34.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முப்பத்து நான்குதான். ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் சேர்ந்தவர்கள்தானே? அவர்கள் அப்புறம் வரலாம், வராமல் போகலாம். சேர்ந்த எண்ணிக்கை எப்படி ஐயா குறையும்?

பக்கத்து மேஜையில் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் பாலகோபால் இருந்தான். சாது. அவன் பெண்டாட்டிக்கு அப்போது ஏழாவது மாதம்.

"பாலு, யூசர் டேபிள்ல இருந்து ஆளுங்களை அழிக்கிறீங்களா?"

"ஆமாங்க மேடம். ஜூன்ல இருந்து. மாசத்துல மொதல் ஞாயித்துக்கெழமை" என்றான் அவன், டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே. "டிஸ்க் நாலு ஜிபிதானுங்களே, ரொம்பிப் போச்சு. நாப்பத்தஞ்சு நாள் எட்டிப் பாக்காதவங்களையெல்லாம் எடுத்துருன்னு சார்தான் சொன்னாருங்க. அவங்க லாகின் வரியும் சேத்துப் போயிரும். உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஏதோ சுத்தம் செய்கிறான் என்று தெரியும். குப்பை ஃபைல்கள் என்று நினைத்திருந்தாள். வராமல் போனவர்களை மாதாமாதம் துடைத்தெறிந்துவிட்டு, மிச்சமிருப்பவர்களில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று இத்தனை நாள் கேட்டிருக்கிறாள். வருகிறவர்கள் மட்டும்தான் மிச்சம் என்றால் எல்லோரும் வரத்தான் செய்வார்கள். பழசு தங்கமானதன் ரகசியம் இதுதான். அவர்கள் மேல் துடைப்பம் அதிகத் தடவை போயிருந்தது, அவ்வளவே. க்வெரியில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

அழித்ததை மீட்க முடியாது. பேக்கப் டேப் இரண்டே இரண்டு, மாற்றி மாற்றி மேலேயே எழுதுவார்கள். ஆனால் திங்கட்கிழமை அச்சுத் தாள்கள் இருந்தனவே! அன்று மிச்ச நேரம் முழுக்க அவற்றைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தாள். நாற்பத்தைந்து நாள் வராதவர்தான் அழிவார். அப்படியானால் போன வாரம் வந்தவர் யாரும் இன்றைய ரிப்போர்ட்டிலிருந்து அழிந்திருக்க முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமைத் தாளிலும், ஒவ்வொரு வரிசையின் கடைசி எண்ணிக்கை, அதாவது போன வாரம் வந்தவர்களின் தொகை, மட்டும் சத்தியம். அதே மாதிரி, ஒரே வாரத்தில் சேர்ந்த ஒவ்வொரு கூட்டத்தின் முதல் தொகையும் அது முதன்முதலில் அச்சான தாளில் சத்தியம். அந்த இரண்டையும் மட்டும் பொறுக்கி எடுத்து, ஒரு கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதினாள்.

ஏப்ரல் ஐந்து: சேர்ந்தவர்கள் 412. முதல் வாரம் வந்தவர்கள் 140, முப்பத்து நான்கு சதவீதம். நாலாவது வாரம் 61, பதினைந்து. பன்னிரண்டாவது வாரம் 38, ஒன்பது. இருபத்தைந்தாவது வாரம் 29.

இருபத்தொன்பதை முப்பத்து நான்கால் வகுத்தால் எண்பத்தைந்து. நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்தால் ஏழு.

வியாழக்கிழமை காலையில் முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழுங்களா?"

"ஏழுங்க சார். போனவங்களையெல்லாம் நாம அழிச்சுப்போட்டோம். அதனாலதான் எண்பத்தஞ்சு வந்துச்சு."

"செத்த பார்ட்டி பேர எதுக்குங்கம்மணி பேரேட்டுல வெச்சிருக்கோணும்? எங்கப்பாரு காலத்துல இருந்து வருசா வருசம் அடிச்சுத்தானே உடறோம்? இருக்கறவங்கதானே யாவாரம்?"

"சார், வீட்ல ஒரு ஈடு இட்லி நாப்பது ஊத்தறோம்னு வைங்க. வேகாத முப்பத்தஞ்சத் தூக்கிப் போட்டுட்டு, ஊத்துனதே அஞ்சுதான், அஞ்சும் பூவாட்டம் வெந்துருக்குன்னு விருந்தாளிகிட்டச் சொன்னா எப்பிடீங்க?"

ஈஸ்வரமூர்த்திக்கு இட்லி புரிந்தது. தாளை மடித்து அவளிடமே நீட்டினார். "விருந்தாளி அடுப்படிக்கா வரப்போறாரு? தட்டுல இருக்கற அஞ்சையும் வெச்சா நல்லாத்தான் சாப்புட்டுப் போவாரு. நீ எண்பத்தஞ்சையே காட்டு கண்ணு. உனக்கும் பதினெட்டாந்தேதி மெட்ராஸ் போவோணுமில்ல?"

அதில் மிரட்டல் எதுவும் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அத்தாவிடம் சொன்னாள். கரீம் முழுவதும் கேட்டுவிட்டு, "பேசாம இருந்துரு தாயீ. கவரை வாங்கிட்டுக் கெளம்பு. அவுங்க கணக்கு, அவுங்க பாடு" என்றார். நியாயமான பேச்சுதான். அவளும் சரி என்றுதான் தலையாட்டினாள். பேசாமல் இருப்பது என்ன மலையைப் புரட்டுகிற வேலையா? ஆனாலும் பென்சில் தாளைப் பையிலிருந்து எடுத்து வைக்க மறந்துவிட்டாள். மறந்தாளோ, மறந்த மாதிரி இருந்தாளோ!

வெள்ளிக்கிழமை ரங்கராஜ் வந்தார். பெங்களூரில் பணம் முதலீடு செய்கிறவர், ஆனால் பூர்வீகம் பொள்ளாச்சி. ஐம்பது வயது, அரைக்கைச் சட்டை, ஆடம்பரம் இல்லை. முதலாளி தன் மேஜைக்கு நடுவே ஒப்பந்தக் காகிதத்தை வைத்திருந்தார். ஜாஹிதாவின் கண்ணில் படும்படி, மேஜை ஓரத்தில், பழுப்புக் கவர். வாக்கு சுத்தமான மனுசன், காலையிலேயே பீரோவைத் திறந்து எடுத்து வைத்துவிட்டார். அவள் பெயரை அதன் மேல் 97-ல் அவளே எழுதியிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கையெழுத்தைப் பார்க்கிறாள். கையை நீட்டினால் எட்டும் தூரம்.

ரங்கராஜ் ரிப்போர்ட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் கணக்கை எடுக்கறது நீங்கதானுங்களாம்மா?"

"ஆமாங்க சார்."

"பழைய ஆளுங்க எண்பதுக்கு மேல நிக்கறாங்க, புது ஆளுங்க பதினஞ்சுல உழுந்து கெடக்கறாங்க. நான் பாத்த எடத்துலயெல்லாம் பழசுதானுங்களே கரையும். ஏப்ரல் அஞ்சாந்தேதி வாரத்துல எத்தனை பேருங்க சேந்தாங்க?"

முப்பத்து நான்கு என்று சொல்லலாம். டேபிளில் அப்படித்தான் இருக்கிறது, பொய்யும் ஆகாது. முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலருகே பாலகோபால் தண்ணீர்த் தம்ளர்களோடு நின்றான். ஜாஹிதா கவரைப் பார்த்தாள். இதை வாங்கிக்கொண்டு போய் நாளைக்கு வகுப்பில் நின்று, எண்ணிக்கையை எதால் வகுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு எந்த முகத்தோடு சொல்லிக் கொடுப்பது? அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பிழைக்கத் தெரியாத ஜென்மம்!

"நானூத்திப் பன்னண்டு பேருங்க சார்" என்று சொல்லி, பையிலிருந்து பென்சில் தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

அழித்த கதை முழுவதையும் சொன்னாள். எந்தத் தாளில் எந்த எண் சத்தியம், எது இல்லை என்று விரல் வைத்துக் காட்டினாள். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. பேசி முடித்தபோது அவள் கவரின் பக்கமே பார்க்கவில்லை. அது போயிற்று என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ரங்கராஜ் தாளை வெகுநேரம் படித்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு.

"இந்த வருசம் எட்டுக் கம்பெனி பாத்துட்டனுங்க. எட்டுலயும் எண்பது, தொண்ணூறுன்னுதான் சொன்னாங்க. ஏழுன்னு சொன்னது இந்தம்மா ஒருத்திதான்." முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். "பன்னண்டாவது வாரத்துல ஒன்பது, இருபத்தஞ்சுல ஏழு. அதுக்கு மேல பெருசாக் கரையலீங்க பாருங்க. அந்த இருபத்தொன்பது பேருக்கு நெசமாலுமே உங்க வெலை வேணும். அவங்க யாரு, எதுக்கு வாராங்கன்னு கண்டுபுடிச்சா இதை நிமித்திப்போடலாம். நான் பணம் போடறனுங்க."

ஈஸ்வரமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உண்மையும் சொல்லியாயிற்று, காரியமும் நடந்துவிட்டது! ஜாஹிதாவுக்குச் சிரிப்பு தானாக வந்தது. கவரை நோக்கிக் கையை நீட்டியேவிட்டாள்.

"ஒரே ஒரு கண்டிசனுங்க" என்றார் ரங்கராஜ், பேனாவைத் திறந்துகொண்டே. "இங்க என்ன நடக்குதுன்னு எனக்கு இந்தம்மா சொல்ற கணக்கை வெச்சுத்தான் தெரியோணும். மூணு வருசத்துக்கு இவங்க இங்கதான் இருக்கோணும். அதை ஒரு வரி எழுதிருங்க."

"மூணென்னங்க, அஞ்சு வருசம் இருக்கும்!" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "சர்ட்டிபிகேட்டே நம்மகிட்டத்தான் இருக்குதுங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. "சார், எனக்குப் பதினெட்டாந்தேதி..." என்றாள். மெட்ராஸ், கல்லூரி, வேலை உத்தரவு, எல்லாவற்றையும் சொன்னாள்.

ரங்கராஜ் பேனாவை மூடினார். "அப்பிடீங்களா? அப்பச் சரிங்கம்மா, உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா நான் யோசிக்கோணுமுங்க."

முதலாளி கும்பிடாத குறையாக அவளைப் பார்த்தார். அவரைக்கூட விட்டுவிடலாம். வாசலில் நின்ற பாலகோபால் அவளைப் பார்க்காமல் தம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் பின்னால் இன்னும் பத்துப் பேர் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு சதவீதக் கம்பெனிக்கு வேறு யார் பணம் போடுவார்கள்? அந்தக் கேள்விக்கான விடையைப் பென்சிலால் எழுதிக் கொடுத்ததே அவள்தானே!

"இருக்கறனுங்க சார்" என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

கவர் பீரோவுக்குள் போயிற்று. சாவி இடுப்புக்குப் போயிற்று. சம்பளம் ஏற்றினார்கள், புது டிஸ்க் வாங்கினார்கள், ஞாயிற்றுக்கிழமைத் துடைப்பத்தை நிறுத்தினார்கள். முதலாளி அன்று சாயங்காலம் அன்னபூர்ணாவிலிருந்து எல்லோருக்கும் மைசூர்பாகு வரவழைத்தார். ஜாஹிதா தன் பங்கை அப்படியே பொட்டலம் கட்டி அத்தாவுக்கு எடுத்துப் போனாள். உக்கடத்தில் காவலர் அதையும் பிரித்துப் பார்த்தார்.

அக்டோபர் பதினெட்டு, திங்கட்கிழமை. சென்னையில் அடுத்த ஆள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் நேரம். ஜாஹிதா வாராந்திரக் க்வெரியை ஓட்டினாள். முடிந்ததும் வேறு ஒரு டேபிள் ஞாபகத்துக்கு வந்தது. ஆபீசில் வருகைப் பதிவும் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. சேர்ந்த தேதி ஒரு பக்கம், வந்த தேதிகள் இன்னொரு பக்கம். அதிலிருந்து மட்டும் யாரையும் அழித்ததில்லை. க்வெரியில் டேபிள் பெயர்களை மாற்றி ஓட்டினாள். 97 ஜூன் இரண்டாம் தேதி வாரம், சேர்ந்தவர்கள் 5. முதல் வாரம் 5. நாற்பதாவது வாரம் 4. எழுபதாவது வாரம் 2. நூற்று இருபத்து நான்காவது வாரம் 1, இருபது சதவீதம். பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது.

பின்னால் வந்து நின்ற ஈஸ்வரமூர்த்தி தாளின் கடைசிக் கட்டத்தை எட்டிப் பார்த்தார். இப்போதெல்லாம் அவருக்கும் கட்டம் படிக்கத் தெரிந்துவிட்டது.

"நூத்தி இருபத்தி நாலாவது வாரத்துல இருபது பர்சென்ட்டா! ஏழுக்கு இது எவ்வளவோ தேவலையே! இது யாரு கணக்குங்கம்மணி?"

"நம்ம ஆபீஸ் கணக்குதானுங்க சார்."

"பரவால்லியே!" என்று அவர் சந்தோஷமாகக் கீழே கிடங்குக்கு இறங்கிப் போனார். ஜாஹிதா அந்தத் தாளைக் கிழித்தெடுத்து, தேதி எழுதி, ஃபைலில் கோத்துவைத்தாள்.